குரல் முதல் தாரம் வரை: ஏழு சுரங்களின் பழைய தமிழ்ப் பெயர்களைக் காதால் கற்க ஒரு வழி

ச ரி க ம ப த நி பாடத் தெரிந்த பிள்ளையிடம் இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டால், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும். ‘சரி, விளரியை மட்டும் பாடிக் காட்டு’ என்று கேளுங்கள். உடனே விரலை மடக்கிக் குரலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். பெயர் வாய்க்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். நான் மாறியது, இந்தப் பெயர்களை ஏறுவரிசையில் படிப்பதை விட்டுவிட்டு, அவை ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசையில் படித்த பிறகு. அந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தேவையானவை கொஞ்சம்தான். ஒரு ஆர்மோனியம், அல்லது போனில் ஒரு பியானோ செயலி. ஒரு சாக்குக்கட்டி. ராசிக் கட்டம் வரையத் தெரிந்தால் இன்னும் நல்லது.

முதலில் ஏழையும் கட்டைகளில் உட்கார வையுங்கள்

ஒரு கட்டையைக் குரலாக, அதாவது ஸ வாக வைத்துக்கொள்வோம். பியானோ செயலியில் இரண்டு கறுப்புக் கட்டை சேர்ந்திருக்கும் இடத்துக்குச் சற்று இடப்புறம் இருக்கும் வெள்ளைக் கட்டை அது. அங்கிருந்து துத்தம் இரண்டு கட்டை, கைக்கிளை மூன்று, உழை நாலு, இளி ஐந்து, விளரி ஆறு. தாரம் மட்டும் ஆறரை, கறுப்புக் கட்டை. ஏழாம் கட்டையை அழுத்திவிடாதீர்கள், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வழுக்குகிறார்கள். கீழிருந்து மேலே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கர்நாடக சங்கீதம் தெரிந்தவருக்கு இது அரிகாம்போதி என்று உடனே புரியும். பழைய தமிழில் இதுதான் செம்பாலை.

இதில் ஒரு வழக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர், செம்பாலையைச் சங்கராபரணமாகக் கொண்டார். 1947இல் யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகள் அரிகாம்போதி என்றார். நான் இரண்டாவது கட்சி. காரணம், பழைய உரை தரும் அளவுகளை வைத்துப் பார்த்தால் அதுதான் ஒட்டுகிறது. கீழே ராசிக் கட்டம் போடும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் என்ன சொல்கிறது

ஸரிகமபதநி என்ற எழுத்துகள் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்ற பெயர்களின் சுருக்கம். ஷட்ஜம் என்றால் ஆறிலிருந்து பிறந்தது, ரிஷபம் காளை, காந்தாரம் ஒரு தேசத்தின் பெயர், மத்யமம் நடு, பஞ்சமம் ஐந்தாவது. தமிழ்ப் பெயர்கள் இவற்றின் மொழிபெயர்ப்பு அல்ல. ரிஷபத்துக்குக் காளை என்று துத்தத்தில் எதுவும் இல்லை. ஆகவே இதற்கு அது என்று பொருளுக்குப் பொருள் தேடிப் போனால் கிடைக்காது. தமிழ்ப் பெயர்களில் தெரிவது பெரும்பாலும் உறவும் இடமும்.

குரல் எளிது. பாடுகிறவரின் சொந்தக் குரல் இயல்பாக நிற்கும் இடம், நாம் ஆதார சுருதி என்பது. சங்கப் பாட்டில் தினைக்கதிருக்கும் குரல் என்று பெயர் உண்டு. மணிகள் கொத்தாக ஒரு தண்டில் சேர்ந்து நிற்பதால் அப்படி. மற்ற ஆறும் ஒட்டிக்கொண்டு நிற்கும் தண்டு என்று சிலர் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் வாய்க்குரல் என்ற பொருளே போதும் என்பது என் எண்ணம்.

துத்தத்துக்கு அறிஞர்கள் ஒத்துக்கொண்ட பெயர்க்காரணம் கிடையாது. அகராதியைத் திறந்தால் மயில்துத்தம் என்ற நீலக் கல்மருந்து வரும். அதை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். துத்தத்தைப் பெயரால் அல்ல, உறவால்தான் நினைவில் வைக்க வேண்டும். இளியின் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்பது பிறகு தெரியும்.

கைக்கிளை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு ஒருதலைக் காமம்தான் ஞாபகத்துக்கு வரும். சொல் ஒன்றுதான், பிரித்தால் கை, கிளை. கை என்பதற்குச் சிறுமை என்று உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். இன்றைக்கும் வயலில் பிரியும் சிறிய வாய்க்காலைக் கைவாய்க்கால் என்கிறோம், அந்தக் கை. கிளை என்றால் உறவு. கேளிர், கேண்மை எல்லாம் அந்தக் குடும்பம். சிறிய உறவு. இசையில் எது சிறிய உறவு என்பதற்கு விடை, பிறப்பு வரிசையைப் பார்த்தால் தானாகக் கிடைக்கும். பாட்டில் இதைக் கிளை என்று மட்டும் சுருக்கியும் சொல்வார்கள்; பழைய வரிகளைப் படிக்கும்போது அதையும் கவனியுங்கள்.

உழை என்றால் பக்கம். அரசன் பக்கத்திலேயே இருக்கும் பணியாளர் உழையர். அமைச்சனைக் குறளில் ‘உழையிருந்தான்’ என்று வள்ளுவர் சொல்வது, பக்கத்தில் இருப்பவன் என்ற பொருளில்தான். உழை என்று ஒரு மானும் உண்டு, அது வேறு. கட்டையில் பாருங்கள், கைக்கிளைக்கும் உழைக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சிலப்பதிகார உரை இதை அலகுக் கணக்கில் சொல்கிறது. ஒவ்வொரு சுரமும் தனக்குக் கீழே இருப்பதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்றால், குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. மொத்தம் 22. உழைக்கு 2தான். பக்கத்தில் நிற்பது என்ற பெயர் அந்த நெருக்கத்தால் வந்திருக்கலாம் என்பது என் ஊகம், யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தாரத்துக்கும் 2 இருக்கிறதே என்று நீங்கள் மடக்கினால் என்னிடம் வேறு வாதம் இல்லை.

இளிக்கு இன்றைய காதில் நல்ல பெயர் இல்லை. ஒருமுறை மொட்டைமாடியில் ஏழு பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி ஆளுக்கு ஒரு சுரப்பெயர் கொடுத்தேன். இளி என்று பெயர் வாங்கிய பையன் மற்ற ஆறு பேரும் பல்லைக் காட்டிச் சிரித்ததில் அழுதேவிட்டான். இளிப்பு, இளிவு, இளிச்சவாய் எல்லாம் தனி. சுரத்தின் இளி குரலுக்கு ஐந்தாவது, குரலோடு சேர்ந்தால் ஏழில் மிக நன்றாக இழைவது. ஐந்தாவது ஐந்தாவதாகச் சுரங்களை அடுக்கிப் போகும் முறைக்கே இளிக்கிரமம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பையனிடம் நீதான் வகுப்பில் இரண்டாவது பெரிய ஆள் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அது வெறும் சமாதானமும் இல்லை, உண்மை.

விளரிக்கு விளர் என்ற வேர் தெளிவாகத் தெரிகிறது. விளர்த்தல் என்றால் வெளுத்தல். இளமை, மென்மை என்ற பொருளும் உண்டு. அதே பெயரில் பண் ஒன்றும் இருக்கிறது, இரங்கல் பண். புறநானூற்றில் 291ஆம் பாட்டில் அடிபட்டுக் கிடக்கும் வீரனின் மனைவி, உடலை நெருங்கும் நரியை ‘விளரிக் கொட்பின் வெண்ணரி கடிகுவென்’ என்கிறாள். விளரி பாடித்தான் நரியை விரட்டப் போகிறாள். வெளுத்த முகம், நடுங்கும் குரல் என்று விளரியை நினைத்துக்கொண்டால் மறக்காது.

தாரம் ஏழில் உச்சியில் நிற்பது. உயர்ந்த ஒலி என்ற பொருள் வடமொழியில் தார என்ற சொல்லுக்கும் உண்டு. தாரஸ்தாயி என்று மேல் ஸ்தாயியைச் சொல்கிறோமே, அதுவேதான். இங்கே ஒரு குழப்பம் வரும். தாரஸ்தாயி வேறு, தாரம் என்ற சுரம் வேறு. குழப்பம் வேண்டாம் என்றால் ஸ்தாயிகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்ற தமிழ்ப் பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள். மனைவி என்ற பொருளிலும் தாரம் வரும் என்பதால் வகுப்பில் ஒரு சிரிப்பு நிச்சயம், அதைத் தடுக்க வழியில்லை.

அப்புறம், தரையில் ராசிக் கட்டம்

இனிதான் விஷயம். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் எடுத்துக்காட்டும் ஒரு பழைய வெண்பா, சுரங்கள் எதிலிருந்து எது பிறக்கிறது என்று சொல்கிறது. தாரத்தில் உழை தோன்றும், உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. அவ்வளவுதான் கருத்து. தாரம் தலைமகன், கைக்கிளை கடைக்குட்டி.

பிறக்கிறது என்றால் என்ன என்பதைக் கட்டத்தில் பார்ப்போம். சாக்குக்கட்டியால் தரையில் பன்னிரண்டு வீடு உள்ள ராசிக் கட்டம் போடுங்கள். மேலே இடது மூலை மீனம், அங்கிருந்து வலமாக மேஷம், ரிஷபம், மிதுனம் என்று போய்க் கும்பத்தில் முடியும், நாம் பஞ்சாங்கத்தில் பார்க்கும் அதே கட்டம். பழைய உரைகாரர்கள் ஏழு சுரத்தையும் இதில்தான் நிறுத்தினார்கள். வட்டப்பாலை என்பது இதைத்தான். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு கட்டைகள், ராசிச் சக்கரத்தில் பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு ஒரு கட்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள். குரலுக்கு அவர்கள் கொடுத்த வீடு துலாம். துத்தம் தனுசு, கைக்கிளை கும்பம், உழை மீனம், இளி ரிஷபம், விளரி கடகம், தாரம் சிம்மம்.

துலாத்தை ஒரு கட்டையாக வைத்து எண்ணிப் பாருங்கள். விருச்சிகம் ஒன்றரை, தனுசு இரண்டு. துத்தம் இரண்டு கட்டை என்று மேலே சொன்னது சரியாக வருகிறது. கும்பம் மூன்று, மீனம் நாலு, ரிஷபம் ஐந்து, கடகம் ஆறு, சிம்மம் ஆறரை. அரிகாம்போதி அச்சாக வந்துவிடுகிறது. நான் இரண்டாவது கட்சி என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

இப்போது பிறப்பு. சிம்மத்தில் ஒரு காலை வையுங்கள், அது தாரம். சிம்மத்தையும் சேர்த்து எட்டு வீடு எண்ணுங்கள்: சிம்மம், கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு, மகரம், கும்பம், மீனம். எட்டாவது மீனம், அங்கே நிற்பது உழை. தாரத்தில் உழை பிறந்துவிட்டது. மீனத்திலிருந்து மறுபடி எட்டு எண்ணினால் துலாம் வரும், குரல். துலாத்துக்கு எட்டில் ரிஷபம், இளி. ரிஷபத்துக்கு எட்டில் தனுசு, துத்தம். தனுசுக்கு எட்டில் கடகம், விளரி. கடகத்துக்கு எட்டில் கும்பம், கைக்கிளை. வெண்பா சொன்ன அதே வரிசை, ஒரு வீடு கூடப் பிசகவில்லை. ஜாதகத்தில் எட்டாமிடம் என்றால் முகம் சுளிக்கிறோம். சுரத்துக்கு எட்டாமிடம்தான் பிள்ளை வீடு.

எண்ணும்போது நிற்கும் வீட்டை விட்டுவிட்டு எட்டு எண்ணுகிறவர்கள் உண்டு. சிம்மத்திலிருந்து அப்படிப் போனால் மேஷத்தில் போய் நிற்பீர்கள், அங்கே செம்பாலைச் சுரம் எதுவும் இல்லை. காலி வீட்டில் நின்றால் எண்ணியது தப்பு என்று பொருள். ஏழாவது முறைக்கும் போகாதீர்கள். கும்பத்துக்கு எட்டில் கன்னி, அதுவும் காலி வீடு. கைக்கிளையோடு குடும்பம் நின்றுவிடுகிறது.

கைக்கிளை ஏன் சிறிய உறவு என்று கேட்டிருந்தோமே. இந்த வரிசையில் கடைசியாகப் பிறப்பது அதுதான், குரலிலிருந்து பார்த்தால் நாலாவது தலைமுறை. குரலுக்கு இளி மகன், துத்தம் பேரன், விளரி கொள்ளுப்பேரன், அதற்கும் அடுத்தவன் கைக்கிளை. உறவுதான், ஆனால் தூரத்து, சிறிய உறவு. பெயர் வைத்தவர்கள் இதை நினைத்துத்தான் வைத்தார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நினைவில் வைக்க இதைவிட நல்ல கொக்கி எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டத்தில் நடந்து முடித்ததும் அதையே ஆர்மோனியத்தில் செய்யுங்கள். ஆறரை, நாலு, ஒன்று, ஐந்து, இரண்டு, ஆறு, மூன்று. ஒவ்வொன்றையும் அழுத்தும்போது பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், தாரம், உழை, குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை. ஒரு வாரம் காலையில் பத்து நிமிஷம் போதும். ஏழாம் நாள் யாராவது விளரி எங்கே என்று கேட்டால், எண்ணாமல் துத்தத்துக்கு மேலே தாவிப் பிடிப்பீர்கள்.

பாடும்போது

வாய்க்கு ஒரு வசதி இருக்கிறது. துத்தம், கைக்கிளை என்று முழுப்பெயரை வேகமாகப் பாட முடியாது. அதற்காகப் பழைய நிகண்டுகள் ஏழு நெட்டெழுத்தைக் கொடுத்திருக்கின்றன: ஆ ஈ ஊ ஏ ஐ ஓ ஔ. குரலுக்கு ஆ, துத்தத்துக்கு ஈ, இப்படியே தாரத்துக்கு ஔ. ஸரிகமபதநிக்குப் பதிலாக சரளி வரிசை முதல் பாடத்தை ஆ ஈ ஊ ஏ ஐ ஓ ஔ ஆ என்று பாடிப் பாருங்கள். முதல் நாள் கொட்டாவி விடுவதுபோல இருக்கும். மூன்றாம் நாள் தொண்டை திறந்துவிடுவது தெரியும், ஏனென்றால் நடுவில் மெய்யெழுத்து வந்து மூச்சை நறுக்குவதில்லை. ஐ, ஔ இரண்டும் மட்டும் தொந்தரவு. ஐ நீளும்போது ‘இ’யில் போய் ஒட்டும், ஔ ‘உ’வில் போய் ஒட்டும். வாயைக் கடைசிவரை மூடாமல் வைத்துக்கொண்டால் சுரம் தொங்காது.

பிள்ளைகள் இருந்தால் ஏழு பேரை வட்டமாக நிறுத்துங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு ஆயர்பெண்களை நிறுத்தி, மேற்கிலிருந்து இடமுறையாகக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றே பெயர் வைக்கிறாள். அப்புறம் குரலை மாயவன் என்கிறாள், இளியைப் பலராமன் என்கிறாள், துத்தத்தை நப்பின்னை என்கிறாள். யாருக்குப் பக்கத்தில் யார் என்றும் பாட்டே சொல்லிவிடுகிறது: மாயவனுக்கு இரு பக்கமும் பின்னையும் தாரமும், பலராமனுக்கு இரு பக்கமும் உழையும் விளரியும், பின்னைக்கு இடப்பக்கம் கைக்கிளை. வட்டம் என்பதால் தாரத்துக்கு அடுத்து மறுபடி குரல் வருகிறது. ஸ்தாயி மேலே போய்த் திரும்பவும் அதே பெயரில் தொடங்குவதை ஒரு பிள்ளைக்கு இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது. கவனித்தீர்களா, பெரிய பெயர் கிடைத்த மூன்று பேரும் குரல், இளி, துத்தம். பிறப்பு வரிசையில் அடுத்தடுத்து வரும் மூன்று பேர்.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்

வேனிற்காதையில் மாதவி யாழைச் சுருதி சேர்க்கிறாள். ‘பிழையா மரபின் ஈரேழ் கோவையை, உழைமுதற் கைக்கிளை இறுவாய்க் கட்டி’ என்கிறது பாட்டு. பதினாலு நரம்பு, முதல் நரம்பு உழை, கடைசி நரம்பு கைக்கிளை. குரல் முதல் நரம்பில் இல்லை, ஐந்தாவதில் இருக்கிறது. புதிதாகப் படிக்கிறவர்கள் முதல் நரம்பு என்றால் குரல் என்று நினைத்து அங்கே தடுக்கி விழுவார்கள். கட்டியபின் எப்படிச் சரிபார்க்கிறாள்? ‘குரல்வாய் இளிவாய்க் கேட்டனள்.’ குரலையும் இளியையும் வைத்துக் கேட்டாள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு கட்டையையும் ஐந்து கட்டையையும் சேர்த்து அழுத்திக் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒலி ஒரே பாய்போல விரிந்து நின்றால் சரி. வாவ், வாவ் என்று அலை அடித்தால் ரீடு ஒன்று விலகியிருக்கிறது. அலை மெதுவாக அடித்தால் விலகல் கொஞ்சம், வேகமாக அடித்தால் அதிகம். இதே சோதனையை அடுத்தடுத்த ஜோடிக்கும் செய்யலாம்: இளியும் துத்தமும், துத்தமும் விளரியும், விளரியும் கைக்கிளையும்.

வீணை, வயலின் போன்ற தந்தி வாத்தியத்தில் இப்படி அலையில்லாமல் ஒவ்வொரு ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு வேடிக்கை நடக்கும். எல்லா ஜோடியும் சரியாக இருக்கும். கடைசியில் கைக்கிளையைக் குரலோடு சேர்த்துக் கேட்டால் கொஞ்சம் கூச்சமாக, மேலே ஏறி நிற்கும். நீங்கள் தப்பு செய்யவில்லை. ஐந்தாவதாகவே ஏறிப் பிறந்த கைக்கிளை, குரலோடு இயல்பாக இழையும் இடத்தைவிட அரைக் கட்டையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்திருக்கும். இழையும் இடம் எது என்று தெரிய வேண்டுமானால், நல்ல தம்புராவில் மந்தர ஸட்ஜத் தந்தியை மட்டும் மீட்டிவிட்டுக் காத்திருங்கள். யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் உள்ளேயிருந்து எழும்பும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். கைக்கிளையை அதுவரை ஒரு மயிரிழை இறக்கிக்கொள்ளுங்கள். கடைக்குட்டியை மட்டும் கொஞ்சம் தட்டி வைக்க வேண்டியிருக்கிறது. ஆர்மோனியத்தில் இந்த வேலை கிடையாது, அங்கே எல்லாக் கட்டையும் ஏற்கெனவே சமரசம் செய்து அடித்து வைத்தவை.

இன்னொரு சுரத்தைக் குரலாக்கிப் பாருங்கள்

கடைசிப் படி இது. அதே ஏழு கட்டை, எதையும் மாற்ற வேண்டாம். இப்போது உழையை, அதாவது நாலு கட்டையை, குரல் என்று நினைத்துக்கொண்டு அங்கிருந்து ஏறுங்கள்: நாலு, ஐந்து, ஆறு, ஆறரை, மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சங்கராபரணம் வந்துவிட்டது. பழைய பெயர் அரும்பாலை. இதையே விளரியிலிருந்து, ஆறு கட்டையிலிருந்து தொடங்குங்கள்: ஆறு, ஆறரை, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. கேட்டதும் தோடி என்பீர்கள். விளரி குரலானதால் அதற்கு விளரிப்பாலை என்று பெயர்.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை, பழைய பெயரையும் புதிய பெயரையும் கலந்துவிடுவது. விளரியைக் குரலாக்கியதும் ஆறரைக் கட்டை தாரம் இல்லை, அது இனித் துத்தம். துத்தம் ஒரு நிலையான கட்டை அல்ல, குரலுக்கு அடுத்து நிற்கும் இடம். செம்பாலையில் அது குரலை விட்டு ஒரு முழுக் கட்டை தள்ளி நின்றது, விளரிப்பாலையில் ஒட்டி நிற்கிறது. கர்நாடக சங்கீதத்தில் சதுச்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம் என்று பிரிப்பதைத்தான் இப்போது தமிழில் எழுதுகிறவர்கள் வன்துத்தம், மென்துத்தம் என்கிறார்கள். மொட்டைமாடி வட்டத்தில் இதைச் செய்ய விரும்பினால் பிள்ளைகளை நகர்த்தாதீர்கள், கழுத்தில் தொங்கும் பெயர் அட்டைகளை மட்டும் மாற்றுங்கள். நான் முதல் தடவை பிள்ளைகளை நகர்த்தி, பிறகு யார் எந்தக் கட்டை என்று எனக்கே தெரியாமல் போய், அன்றைய வகுப்பை நொண்டி விளையாட்டாக முடித்தேன்.

இது கைவந்தபின் கானல்வரியை எடுத்து, மாலைப்பொழுதைப் பார்த்து மாதவி பாடும் இடத்தைப் படியுங்கள்.

நுளையர் விளரி நொடிதரும் தீம்பாலை
இளிகிளையிற் கொள்ள இறுத்தாயால் மாலை

விளரி, இளி, கிளை, இரண்டு அடியில் மூன்று பெயர். நுளையர் என்றால் நெய்தல் நிலத்து மீனவர், அவர்களுடைய பண் விளரி. கிளை என்பது நம் கைக்கிளை. அதை வாசிக்க வந்தவளின் விரல், மாலை வந்து இறுத்த மயக்கத்தில் தடுமாறி, கிளை நரம்பு இருக்க வேண்டிய இடத்தில் இளியைத் தொட்டுவிடுகிறது. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த அடியைப் படித்தால் ஒன்றும் விளங்காது. ஆறு கட்டையைக் குரலாக வைத்து விளரிப்பாலையை ஒருமுறை ஏறி இறங்குங்கள். பிறகு கைக்கிளை வரவேண்டிய ஒன்றாம் கட்டையில், வேண்டுமென்றே, மூன்றாம் கட்டையை அழுத்திப் பாருங்கள்.

அந்த இடத்தில் கை நழுவினால் எப்படிக் கேட்கும் என்று தெரியும்.